பணிப்பாளர் சபைக் கூட்டத்தில் முதலீட்டாளர் சம்மதத்தைப் பதிவு செய்தல்: ஒதுக்கப்பட்ட விடயங்களுக்கும் சம்மத வரம்புகளுக்குமான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இயங்கும் ஸ்டார்ட்அப் நிறுவனங்களின் கூட்டறிக்கைகளை வாசிக்கும்போது ஒரே வசனம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றது: “முதலீட்டாளர்களின் சம்மதமும் பெறப்பட்டது.” யார் சம்மதித்தார், எந்தத் தகுதியில் சம்மதித்தார், எந்த நாளில், எத்தனை பங்குகளின் பேரில், எந்தத் தொகைக்கு என்ற ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கும் அந்த வசனத்தில் விடை இல்லை. அடுத்த சுற்று முதலீட்டுக்காகப் புதிய முதலீட்டாளரின் சட்டத்தரணி பழைய கூட்டறிக்கைகளைக் கேட்டு வாங்கும் நாளில்தான் இந்தக் குறை வெளியே வருகின்றது. அதற்குள் ஒன்றரை வருடம் கடந்திருக்கும். சம்மதம் சொன்னவர் அந்த முதலீட்டு நிறுவனத்தை விட்டே போயிருக்கலாம்.

இந்த வழிகாட்டி ஒரேயொரு விடயத்தை எடுத்துக்கொள்கின்றது. பணிப்பாளர் சபையின் தீர்மானமும் முதலீட்டாளரின் சம்மதமும் வெவ்வேறானவை. ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைத்ததாகிவிடாது. ஆகவே கூட்டறிக்கை இரண்டாவதைத் தனியாக, அதற்குரிய கணக்கோடும் திகதியோடும் காட்ட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை ஓர் எடுத்துக்காட்டு நிறுவனத்தின் வழியாக முதலிலிருந்து கடைசி வரை பார்ப்போம்.

எடுத்துக்காட்டு நிறுவனம்

மட்டக்களப்பு நகரில் அலுவலகத்தைக் கொண்ட ஒரு நிறுவனம், நெல் வெட்டும் இயந்திரங்களைக் கைபேசிச் செயலி மூலம் விவசாயிகளுக்கு வாடகைக்கு ஒழுங்கு செய்து கொடுக்கின்றது. முன்பதிவுகளில் பெரும்பகுதி சம்மாந்துறைப் பக்கத்து வட்டைகளிலிருந்து வருகின்றது. இதுவரை பிறரின் இயந்திரங்களையே இணைத்து வந்த நிறுவனம், பெரும்போக அறுவடைக்கு முன்னர் சொந்தமாக இரண்டு இயந்திரங்களை லீசிங் முறையில் எடுக்க விரும்புகின்றது. இயந்திரம் ஒன்றுக்கு 90 இலட்சம் ரூபாய், ஒப்பந்தங்கள் இரண்டு. இயந்திரங்களை நிறுத்தி வைப்பதற்கு, நிறுவனர்களில் ஒருவரின் மாமனாருக்குச் சொந்தமான காணியை மாதம் 35,000 ரூபாய் வாடகைக்கு எடுப்பதாகவும் உத்தேசம்.

நிறுவனர்கள் இருவரிடமும் 600,000 சாதாரண பங்குகள் உள்ளன. முதலீட்டாளர்கள் மூவர் 300,000 முன்னுரிமைப் பங்குகளை வைத்திருக்கின்றனர்: ‘அ’விடம் 150,000, ‘ஆ’விடம் 90,000, ‘இ’யிடம் 60,000. ஊழியர்களுக்கென ஒதுக்கப்பட்ட 100,000 பங்குகள் இன்னும் வழங்கப்படவில்லை. பணிப்பாளர் சபையில் ஐவர் உள்ளனர்: நிறுவனர்கள் இருவர், ‘அ’ நியமித்தவர் ஒருவர், ‘இ’ நியமித்தவர் ஒருவர், சுயாதீனப் பணிப்பாளர் ஒருவர். பங்குதாரர் உடன்படிக்கையில் ஒதுக்கப்பட்ட விடயங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலிலுள்ள எதையும் செய்வதற்கு, முன்னுரிமைப் பங்குகளில் 75 சதவீதத்துக்குக் குறையாதவற்றை வைத்திருப்போரின் முன்கூட்டிய எழுத்துமூலச் சம்மதம் தேவை.

முதலாம் படி: விடயம் பட்டியலுக்குள் வருகின்றதா என்று பார்த்தல்

இதைக் கூட்டத்தில் செய்யக் கூடாது. நிகழ்ச்சி நிரலை அனுப்புவதற்கு முன்னர், ஒவ்வொரு விடயத்தையும் உடன்படிக்கையின் பட்டியலோடும் நிறுவனத்தின் அமைப்பு விதிகளோடும் தனித்தனியே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உடன்படிக்கை கையொப்பமிட்டவர்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். அமைப்பு விதிகளோ கம்பனியையே கட்டுப்படுத்துகின்றன. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி அமைப்பு விதிகளுக்கு முரணாகச் செயற்படாதிருப்பது பணிப்பாளர்களின் கடமை. சம்மத நிபந்தனை அமைப்பு விதிகளிலும் எழுதப்பட்டிருந்தால், அதை மீறுவது ஒப்பந்த மீறலோடு நின்றுவிடாது. பணிப்பாளர் கடமை மீறலாகவும் ஆகிவிடும்.

நமது எடுத்துக்காட்டில் பட்டியல் இப்படிச் சொல்கின்றது: ஒரு நிதியாண்டில் தனியாகவோ கூட்டாகவோ 1 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கடன் அல்லது லீசிங் பொறுப்பை ஏற்பதற்குச் சம்மதம் தேவை. நிறுவனர்கள் ஒப்பந்தம் ஒன்றுக்கு 90 இலட்சம்தானே என்று எண்ணி, இது பட்டியலுக்குள் வராது என்று முடிவு செய்திருந்தனர். “கூட்டாக” என்ற ஒரு சொல் அந்த முடிவைக் கவிழ்த்துவிடுகின்றது. இரண்டும் சேர்ந்து 1 கோடி 80 இலட்சம். அதே நிதியாண்டில் ஏற்கெனவே எடுத்த வங்கி மேலதிகப்பற்று இருந்தால் அதுவும் இதனோடு சேரும். தொகை வரம்புள்ள ஒவ்வொரு விடயத்துக்கும் ஏப்ரல் முதல் மார்ச் வரையான கூட்டுத்தொகையைக் கம்பனிச் செயலாளர் ஒரு தாளில் தொடர்ந்து எழுதி வருவதே நம்பகமான வழி.

காணி வாடகை வேறு வகையானது. மாதம் 35,000 ரூபாய் என்பதால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் தொடர்புடைய தரப்பினருடனான கொடுக்கல் வாங்கல்களுக்குப் பட்டியலில் தொகை வரம்பே கிடையாது. ஒரு ரூபாயாக இருந்தாலும் சம்மதம் தேவை. ஒரே நிகழ்ச்சி நிரல் உருப்படிக்குள் ஒதுக்கப்பட்ட விடயங்கள் இரண்டு ஒளிந்திருப்பதை இங்கே காண்கிறோம். அவற்றைப் பிரித்து, இரண்டு உருப்படிகளாகவே நிகழ்ச்சி நிரலில் எழுத வேண்டும்.

சட்டம் நேரடியாகக் கேட்கும் அங்கீகாரம் ஏதும் உண்டா என்பதையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். கம்பனிகள் சட்டத்தின் 185 ஆம் பிரிவின்படி, கம்பனியின் சொத்துப் பெறுமதியில் பாதிக்கு மேற்பட்ட சொத்தை வாங்குவதோ விற்பதோ, அந்தளவு பொறுப்பை ஏற்பதோ பாரிய கொடுக்கல் வாங்கலாகும்; அதற்குப் பங்குதாரரின் விசேட தீர்மானம் தேவை. நமது நிறுவனத்தின் சொத்துப் பெறுமதி 4 கோடி 20 இலட்சம் என்று வைத்துக்கொண்டால், பாதி 2 கோடி 10 இலட்சம். 1 கோடி 80 இலட்சம் அதற்குக் கீழே நிற்பதால் விசேட தீர்மானம் தேவையில்லை. இந்தக் கணக்கைச் செய்து பார்த்த விவரத்தையும் கூட்டறிக்கையில் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். பின்னாளில் கேட்பவருக்கு, இது கவனிக்கப்பட்டது என்பதற்கு அந்த ஒரு வரியே சான்று.

இரண்டாம் படி: 75 சதவீதம் என்றால் எதில் 75 சதவீதம்

பிழைகள் மிகுதியாக நேர்வது இந்தப் படியில்தான். சதவீதத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கின்றனர். அது எந்த மொத்தத்தின் மீது கணக்கிடப்படுகின்றது என்பதை மறந்துவிடுகின்றனர்.

நமது உடன்படிக்கையில் மொத்தம் என்பது வழங்கப்பட்டுள்ள முன்னுரிமைப் பங்குகள் மட்டுமே. நிறுவனர்களின் 600,000 பங்குகளும் ஊழியர் ஒதுக்கீடும் இந்தக் கணக்கில் சேராது. எனவே ‘அ’ 50 சதவீதம், ‘ஆ’ 30 சதவீதம், ‘இ’ 20 சதவீதம். ‘அ’வும் ‘ஆ’வும் சேர்ந்தால் 80, வரம்பு எட்டப்படும். ‘அ’வும் ‘இ’யும் சேர்ந்தால் 70, எட்டப்படாது. சபையில் பணிப்பாளர்களை நியமித்திருப்பவர்களோ ‘அ’வும் ‘இ’யும்தான். கூட்டத்தில் அந்த இருவரும் ஆம் என்றதும், முதலீட்டாளர் தரப்பு முழுவதும் சம்மதித்துவிட்டது என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்துவிடுகின்றது. சபையில் இடமில்லாத ‘ஆ’ இல்லாமல் வரம்பை எட்டவே முடியாது என்பதைக் கணக்கு மட்டுமே காட்டும்.

இந்தக் கணக்கு நாளுக்கு நாள் மாறக்கூடியது. ‘ஆ’ தன் பங்குகளில் 30,000 ஐச் சாதாரண பங்குகளாக மாற்றினார் என்று வைப்போம். மொத்தம் 270,000 ஆகக் குறையும். ‘அ’வினதும் ‘இ’யினதும் 210,000 பங்குகள் இப்போது ஏறத்தாழ 77.8 சதவீதம். நேற்று போதாதிருந்த அதே இரண்டு கடிதங்கள் இன்று போதுமானவை. ஆகவே எந்த நாளின் பங்குப் பதிவேட்டை வைத்துக் கணக்கிட்டோம் என்பதைச் சதவீதத்தோடு சேர்த்தே எழுத வேண்டும்.

விசேட தீர்மானத்துக்கும் 75 சதவீதம் என்ற எண்ணே வருவதால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் குழப்பமும் உண்டு. விசேட தீர்மானத்தில் வாக்களிக்க உரித்துடையோரில் உண்மையாக வாக்களித்தவர்களின் வாக்குகளே எண்ணப்படுகின்றன. வராதவர் கணக்கில் இல்லை. முதலீட்டாளர் சம்மதத்தில் வராதவரின் பங்குகளும் மொத்தத்துக்குள் நிற்கின்றன. எனவே மௌனம் மறுப்புக்குச் சமமாகிவிடுகின்றது. சில உடன்படிக்கைகளில், குறித்த வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் சம்மதித்ததாகக் கொள்ளலாம் என்ற வாசகம் இருக்கும். அது எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அதை நம்பலாம். அப்போதும் கோரிக்கை எந்த நாளில் உரிய முகவரிக்குச் சென்றடைந்தது என்ற சான்று கோப்பில் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: சம்மதக் கோரிக்கையை எழுதுதல்

கூட்ட அறிவித்தலோடு ஒரு பிரதியை முதலீட்டாளர்களுக்கும் அனுப்பிவிட்டால் அது சம்மதக் கோரிக்கை ஆகாது. பங்குதாரர் என்ற தகுதியில் ஒவ்வொரு முதலீட்டாளருக்கும், உடன்படிக்கையின் அறிவித்தல் வாசகத்தில் உள்ள முகவரிக்குத் தனிக் கடிதம் போக வேண்டும். ஒதுக்கப்பட்ட விடயத்தின் வாசக இலக்கம், செய்ய உத்தேசிக்கும் செயல், மறுதரப்பு யார், உச்சத் தொகை, தவணைக் காலம், பிணை, பதில் தேவைப்படும் நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். லீசிங் நிறுவனம் தந்த ஒப்பந்த வரைவையும் இணைக்க வேண்டும்.

உச்சத் தொகையைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சம்மதம் அது எந்தச் செயலுக்குக் கேட்கப்பட்டதோ அந்தச் செயலுக்கு மட்டுமே பொருந்தும். நமது நிறுவனம் 1 கோடி 80 இலட்சத்துக்குக் கேட்டது. கையொப்பமிட வந்த இறுதி ஒப்பந்தங்களிலோ காப்புறுதிக் கட்டணமும் சேர்க்கப்பட்டு மொத்தம் 1 கோடி 86 இலட்சமாக இருந்தது. ஆறு இலட்சம்தானே என்று கையொப்பமிட்டிருந்தால், கையிலிருந்த சம்மதம் அந்த ஒப்பந்தங்களைத் தாங்கியிராது. புதிய சம்மதம் கேட்பது அல்லது அந்த ஆறு இலட்சத்தை லீசிங்குக்கு வெளியே சொந்தப் பணத்திலிருந்து செலுத்துவது என இரண்டு வழிகள் உண்டு. காப்புறுதிச் செலவு ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்துக்குள் இருந்ததால் இரண்டாவது வழி போதுமானதாயிற்று. தொடக்கத்திலேயே “காப்புறுதியும் கட்டணங்களும் உட்பட 1 கோடி 95 இலட்சத்துக்கு மேற்படாமல்” என்று கேட்டிருந்தால் இந்தச் சிக்கல் எழுந்திராது.

கடிதத்தில் யார் கையொப்பமிடுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். ‘அ’ ஒரு முதலீட்டு நிறுவனம். அது நம் சபைக்கு நியமித்த பணிப்பாளருக்கு, அந்த நிறுவனத்தின் சார்பில் கையொப்பமிடும் அதிகாரம் இருக்க வேண்டும் என்றில்லை. கையொப்பத்தின் கீழே “பங்குதாரரான ‘அ’ சார்பில், அதிகாரமளிக்கப்பட்ட கையொப்பதாரர்” என்ற வரி இருக்க வேண்டும். மின்னஞ்சலில் “சரி, செய்யுங்கள்” என்று வரும் ஒற்றை வரியைப் பற்றிப் பலரும் கேட்கின்றனர். இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் ஆவணங்களுக்கு அங்கீகாரம் தருகின்றது. ஆயினும் உங்கள் உடன்படிக்கை கையொப்பமிட்ட ஆவணத்தைக் கேட்கின்றதா, மின்னஞ்சலை ஏற்கின்றதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. வட்ஸ்அப் செய்தியைச் சம்மதமாகக் கொண்டு எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

நான்காம் படி: கூட்டத்துக்குள்

கோரிக்கைகள் ஜனவரி 5 ஆம் திகதி அனுப்பப்பட்டன. ‘அ’வின் கடிதம் 9 ஆம் திகதியும் ‘இ’யின் கடிதம் 10 ஆம் திகதியும் கிடைத்தன. ஜனவரி 12 ஆம் திகதி கூட்டம் நடந்தபோது ‘ஆ’விடமிருந்து பதில் இல்லை. கையில் 70 சதவீதம் மட்டுமே இருந்தது.

இந்த நிலையில் தலைவர் செய்ய வேண்டியது, விவாதத்துக்கு முன்னரே செயலாளரிடம் சம்மத நிலையைக் கேட்டு, அதை அறிக்கையில் பதியச் செய்வதாகும். ‘அ’ நியமித்த பணிப்பாளர் “எங்கள் பக்கத்தில் ஆட்சேபணை இல்லை” என்று சொன்னால், அது எந்தத் தகுதியில் சொல்லப்படுகின்றது என்று அங்கேயே கேட்டுத் தெளிவாக்க வேண்டும். பணிப்பாளர் என்ற முறையில் அவர் கம்பனியின் நலனுக்காகச் செயற்படக் கடமைப்பட்டவர். பங்குதாரரான ‘அ’வோ தன் முதலீட்டின் நலனைப் பார்த்துச் சம்மதிக்கவும் மறுக்கவும் உரிமை உடையது. ஒருவரின் ஒரே சொல்லை இரண்டு தகுதிகளுக்கும் எழுதிவிட்டால், பின்னொரு நாள் அவர் சபையில் ஆதரவாக வாக்களித்தும் ‘அ’ சம்மதம் மறுத்தும் இருக்கும் நிலையில் அறிக்கை இரண்டையும் பிரித்துக் காட்ட இயலாமல் போகும்.

காணி வாடகை உருப்படிக்கு வந்ததும், சம்பந்தப்பட்ட நிறுவனர் தனது நலனைக் கம்பனிகள் சட்டத்தின் 192 ஆம் பிரிவின்படி சபைக்கு வெளிப்படுத்துகிறார்; அது நலன்கள் பதிவேட்டிலும் பதியப்படுகின்றது. உடன்படிக்கை கேட்பதால் அவர் அந்த வாக்கெடுப்பில் பங்கெடுக்காமல் வெளியேறுகிறார். அவர் வெளியேறிய நேரம், திரும்பி வந்த நேரம், அந்த இடைவேளையிலும் கூட்ட நிறைவெண் இருந்தது என்பது ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும்.

சம்மதம் முழுமையாகாத நிலையில் கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டிய அவசியம் இல்லை. நிபந்தனைத் தீர்மானம் நிறைவேற்றலாம். அறுவடை நெருங்கும் வேளையில் இதுவே நடைமுறைக்கு ஏற்ற வழி. நிபந்தனை எது, அது நிறைவேறியதை யார் உறுதிப்படுத்துவார், எந்த நாளுக்குள் நிறைவேறாவிட்டால் தீர்மானம் காலாவதியாகும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும்.

ஐந்தாம் படி: கூட்டறிக்கையின் வாசகம்

கொழும்பிலுள்ள முதலீட்டாளர்களுக்காகப் பல நிறுவனங்கள் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகின்றன. தமிழில் எழுதுவோர் மூன்று சொற்களை ஆரம்பத்திலேயே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்: சபை செய்வது தீர்மானம், முதலீட்டாளர் தருவது சம்மதம், பங்குதாரர் கூட்டம் அல்லது அரச அதிகாரி தருவது அங்கீகாரம். இவற்றை மாற்றி மாற்றி எழுதினால், மேலே பிரித்து வைத்ததெல்லாம் அறிக்கையில் மீண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். லீசிங் உருப்படிக்கான வாசகம் இப்படி அமையலாம்:

> உருப்படி 4. நெல் வெட்டும் இயந்திரங்கள் இரண்டை லீசிங் முறையில் பெறுதல்.
>
> இது பங்குதாரர் உடன்படிக்கையின் ஒதுக்கப்பட்ட விடயங்கள் பட்டியலில் கடன் மற்றும் லீசிங் பொறுப்புகள் பற்றிய வாசகத்துக்குள் அடங்கும் என்றும், இந்த நிதியாண்டின் கூட்டுத்தொகை 1 கோடி ரூபாயைத் தாண்டும் என்றும் செயலாளர் அறிவித்தார். கொடுக்கல் வாங்கலின் பெறுமதி கம்பனியின் சொத்துப் பெறுமதியில் பாதிக்குக் குறைவானது என்பதால் சட்டத்தின் 185 ஆம் பிரிவின் கீழ் விசேட தீர்மானம் தேவைப்படாது எனச் சபை கவனித்தது.
>
> ஜனவரி 12 ஆம் திகதிய பங்குப் பதிவேட்டின்படி வழங்கப்பட்ட முன்னுரிமைப் பங்குகள் 300,000. தேவையான சம்மதம் 225,000. கிடைத்துள்ளவை: ‘அ’ 150,000 (ஜனவரி 9), ‘இ’ 60,000 (ஜனவரி 10). மொத்தம் 210,000, 70 சதவீதம். வரம்பு இன்னும் எட்டப்படவில்லை.
>
> 1 கோடி 80 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத லீசிங் ஒப்பந்தங்களில் கையொப்பமிட, தேவையான முதலீட்டாளர் சம்மதம் எழுத்துமூலம் கிடைத்ததைச் செயலாளர் உறுதிப்படுத்திய பின்னரே அதிகாரம் நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையுடன், சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. ஜனவரி 31 ஆம் திகதிக்குள் சம்மதம் கிடைக்காவிட்டால் இத்தீர்மானம் காலாவதியாகும். பணிப்பாளர்கள் அளித்த வாக்குகள் எந்தப் பங்குதாரரின் சம்மதமாகவும் கொள்ளப்படமாட்டா.

சதவீதத்தோடு பங்கு எண்ணிக்கையையும் எழுதச் சொல்வது, வாசிப்பவர் கணக்கைத் தானே சரிபார்க்க வேண்டும் என்பதற்காகவே. ஆட்சேபணை தெரிவித்தவர் இருந்தால் அவர் பெயரும் காரணமும் ஓரிரு வரியில் போதும். விவாதம் முழுவதையும் எழுத வேண்டியதில்லை.

ஆறாம் படி: கூட்டத்துக்குப் பின்

‘ஆ’வின் கடிதம் ஜனவரி 16 ஆம் திகதி வந்தது, மொத்தத் தொகை 1 கோடி 80 இலட்சத்தைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தது. தீர்மானத்திலும் அதே உச்சம் இருந்ததால் முரண்பாடு இல்லை. சம்மதம் இப்போது 300,000 பங்குகளுக்கும் கிடைத்துவிட்டது. செயலாளர் அதே நாளில் ஒரு பக்க உறுதிப்படுத்தல் குறிப்பு எழுதிக் கையொப்பமிட்டு, மூன்று கடிதங்களையும் அதனோடு இணைத்தார். லீசிங் ஒப்பந்தங்கள் 19 ஆம் திகதி கையொப்பமாயின. இந்த ஒழுங்கு மாறக் கூடாது. முன்கூட்டிய சம்மதம் என்று உடன்படிக்கை சொல்லும்போது, 18 ஆம் திகதி கையொப்பமும் 19 ஆம் திகதி சம்மதமும் இருந்தால் அது மீறலே.

12 ஆம் திகதிய அறிக்கையைத் திறந்து, ‘ஆ’வின் சம்மதத்தை அதற்குள் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு வரும். அதைச் செய்யக் கூடாது. அன்று நடந்தவற்றை மட்டுமே அன்றைய அறிக்கை சொல்ல வேண்டும். பின்னர் வந்தது அடுத்த கூட்டத்தின் அறிக்கையில் பதியப்படும்.

சம்மதம் இல்லாமல் ஏற்கெனவே கையொப்பமிட்டாயிற்று என்றால், பழைய திகதியிட்டுக் கடிதம் வாங்குவது மீறலோடு பொய் ஆவணத்தையும் சேர்த்துவிடும். நடந்ததை உள்ளபடி எழுதி, இன்றைய திகதியில் மீறலுக்கான எழுத்துமூல விலக்களிப்பைக் கேட்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: சம்மதம் தருவதற்கு 75 சதவீதம் போதுமாக இருந்தாலும், நடந்த மீறலை மன்னிக்க ஒவ்வொரு முதலீட்டாளரும் தனித்தனியே கையொப்பமிட வேண்டும் என்று சில உடன்படிக்கைகள் கேட்கின்றன. விலக்களிப்பு வாசகத்தைத் தனியாகத் தேடி வாசிக்காமல், சம்மத வரம்பே இதற்கும் பொருந்தும் என்று கருதிவிடக் கூடாது. லீசிங் நிறுவனத்துடனான ஒப்பந்தம் செல்லுபடியாகத் தொடர்ந்தாலும், உடன்படிக்கையை மீறிய பொறுப்பு நிறுவனர்கள் மீது தனிப்பட்ட முறையில் வரக்கூடும் என்பதால் இதைச் சட்டத்தரணி ஒருவரின் கையில் கொடுப்பதே தகும்.

காணி வாடகைக்கும் இதே ஒழுங்கில் தனிக் கோரிக்கை, தனிக் கணக்கு, தனிக் குறிப்பு. ‘ஆ’ லீசிங்குக்குச் சம்மதித்த கடிதத்தில் காணியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எனவே அந்த விடயம் 70 சதவீதத்திலேயே நின்றது. இயந்திரங்கள் வந்து இறங்கிய பின்னரும் அந்தக் காணிக்கான வாடகை ஒப்பந்தம் கையொப்பமாகவில்லை. அயலில் வேறொருவரின் அரிசி ஆலை முற்றத்தில் நாள் வாடகைக்கு நிறுத்தப்பட்டன. பெப்ரவரிக் கூட்டத்தின் அறிக்கையில் மூன்றாம் உருப்படி இப்படித் தொடங்குகின்றது: “சென்ற கூட்டத்தின் உருப்படி 5 இல் குறிப்பிட்ட காணி வாடகை தொடர்பில் 75 சதவீதச் சம்மதம் ஜனவரி 31 ஆம் திகதிக்குள் கிடைக்காமையால், அத்தீர்மானம் காலாவதியானதாகச் சபை பதிவு செய்தது.”